மாடித்தோட்டப் பயிற்சிக்கு அறிவிப்புப் பக்கம் எழுதிய கதை

போன வருடம் ஆடி பிறந்ததும் திருச்சி தில்லை நகரில் ஒரு மாடித்தோட்டப் பயிற்சி நடத்தினோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கில் வெண்டை, கத்தரி, அவரை விதைப்பதைக் கையால் செய்து பார்க்கிற ஒரு காலைப்பொழுது. மண்ணும் விதையும் அக்கா பொறுப்பு (பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்), இணையத்தில் அறிவிப்புப் பக்கம் போடுவது என் பொறுப்பு. பக்கம்தானே, அரை மணி நேர வேலை என்றார்கள். இரண்டு மாலைகள் பிடித்தது.

அக்கா அனுப்பிய தலைப்பு "பசுமையை நோக்கி ஒரு பயணம்". நல்லாத்தான் இருக்கு, ஆனால் இதைப் படிக்கிறவர் மரம் நடுகிற விழா என்று நினைக்கலாம், கொல்லிமலைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றும் நினைக்கலாம். வாட்ஸப்பில் லிங்க்கைப் போட்டால் தெரிவது ஒரு படம், தலைப்பு, விளக்கத்தின் முதல் ஒன்றிரண்டு வரி, அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் உள்ளே போவதா வேண்டாமா என்று அங்கேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அதனால் என்ன, எங்கே, எப்போது மூன்றும் தலைப்பிலேயே இருந்தாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், அக்காவின் பயணத்தை விளக்கத்தின் கடைசி வரிக்கு அனுப்பிவிட்டேன்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தலைப்புக்கு இத்தனை எழுத்து என்று படிவம் வரம்பு வைத்திருக்கும். "மாடித்தோட்டம்" நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, ஆனால் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிற படிவத்துக்கு அது 13. அப்படி எண்ணினால் வரம்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைவிட மோசம், வரம்பைத் தாண்டினால் சில இடங்களில் எச்சரிக்கை எதுவும் வராது, வால் மட்டும் வெட்டுப்படும். வால் எதுவென்றால் பெரும்பாலும் தேதி. அதனால் போனால் போகட்டும் என்கிற சொற்களைக் கடைசியில் வைத்தேன்:

"மாடித்தோட்டப் பயிற்சி, திருச்சி, ஜூலை 20 ஞாயிறு: ஆடிப்பட்டக் காய்கறி விதைப்பு"

வெட்டினாலும் ஞாயிறு வரை நிற்கும்.

அடுத்தது தேதி. அக்காவின் குறிப்பில் "வரும் ஞாயிறு காலை" என்று இருந்தது. பேச்சில் சரிதான். ஆனால் அறிவிப்பு பத்து நாள் முன்னாலேயே போகிறது, அப்புறம் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவார், அவர் மூன்று நாள் கழித்துத் திறந்து பார்ப்பார், அப்போது வரும் ஞாயிறு எந்த ஞாயிறு? எண்ணில் 10/7 மாதிரி எழுதுவதும் வேண்டாம், நமக்கு ஜூலை 10, சில நாட்டுக்காரர்களுக்கு அக்டோபர் 7. மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையும் ஆண்டும் சேர்த்தேன்: "2025 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை (ஆடி 4)". ஆடி 4 என்பது அக்காவுக்காக. கிழமையைச் சேர்ப்பதில் இன்னொரு லாபம், எழுதும்போதே காலண்டரைப் பார்த்தாக வேண்டும். முந்தைய வருடத்து அறிவிப்பை அப்படியே நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிறவர்களிடம் தேதி ஒன்றும் கிழமை ஒன்றுமாக நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் படிக்கிறவர் கேட்பார், எண் மட்டும் இருந்தால் கேட்காமல் தவறான நாளில் வந்து நிற்பார்.

நேரம் "காலை 9:30 முதல் மதியம் 1:00 வரை". முடியும் நேரத்தை எழுதாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சமைக்க வேண்டியவர்கள் வரமாட்டார்கள், இதை அக்காதான் சொன்னார். எழுதியாச்சு. ஆனால் படிவத்தில் நேரத்துக்கென்று ஒரு தனிக் கட்டமும் இருந்தது, அதன் பக்கத்தில் நேர மண்டலம் என்று சின்னதாக ஒரு தேர்வு, அதில் முன்கூட்டியே UTC என்று நின்றது. இதை அப்படியே விட்டு 9:30 என்று போட்டால், இந்திய நேரத்தில் இருக்கிற கைபேசி அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி மதியம் 3:00 என்று காட்டும். நள்ளிரவு என்று காட்டினாலாவது சந்தேகம் வரும், 3 மணி என்பது நம்பும்படி இருக்கிறதே! Asia/Kolkata என்று மாற்றிவிட்டு, வெளியிட்டதும் பக்கத்தை என் கைபேசியில் திறந்து "காலண்டரில் சேர்" பொத்தானை அழுத்திப் பார்த்தேன். காலண்டரில் 9:30 விழுந்தால் சரி. விளக்கத்தை மட்டும் படித்துப் பார்த்தால் இந்தத் தவறு கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே நாம் எழுதிய நேரம் சரியாகத்தான் இருக்கும்.

இடம்தான் அதிக நேரம் தின்றது. தில்லை நகரில் ஒவ்வொரு கிராஸுக்கும் மெயின் ரோட்டின் ஒரு பக்கம் கிழக்கு, மறு பக்கம் மேற்கு. "தில்லை நகர், 7-வது கிராஸ்" என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் எதிர்ப் பக்கம் போய்ச் சுற்றுவார்கள். முகவரிக் கட்டத்தில் தட்டச்சு செய்தபோது அது தானாக எடுத்துக்கொண்ட புள்ளியும் நகரின் நடுவில் எங்கோ விழுந்திருந்தது. அதனால் கூடத்தின் வாசலில் போய் நின்று புள்ளியைக் கையால் நகர்த்தி வைத்து அந்த லிங்க்கைப் போட்டேன், எழுத்திலும் "7-வது கிராஸ் கிழக்கு, முதல் மாடி, லிஃப்ட் இல்லை" என்று சேர்த்தேன். லிஃப்ட் இல்லை என்பதைப் போட வேண்டாமே, கூட்டம் குறையும் என்றார் ஒருவர். மாடித்தோட்டம் கற்க வருகிறவர்களில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள், முட்டிவலிக்காரர் வந்து படிக்கட்டைப் பார்த்துத் திரும்புவதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று அந்த வரியை எடுக்காமல் வைத்துக்கொண்டோம்.

வழி எழுதும்போது இன்னொன்று. "மத்திய பேருந்து நிலையத்தில் இறங்கி" என்றுதான் எப்போதும் எழுதுவோம். ஆனால் பஞ்சப்பூர் புதிய பேருந்து முனையம் இயங்கத் தொடங்கவிருந்த நேரம் அது. வெளியூர்க்காரர் எங்கே இறங்குவார் என்று தெரியாமல் பழைய வழியை எழுதினால் ஆள் அலைவார். அதனால் சத்திரம் பேருந்து நிலையம், பஞ்சப்பூர் முனையம் இரண்டையும் சொல்லி, எங்கிருந்து வந்தாலும் தில்லை நகர் வந்ததும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் வரியை முடித்தேன்.

விளக்கத்தின் முதல் வரியில் வரவேற்பு எதுவும் இல்லை. "செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு கலந்து நீங்களே ஒரு பை நிரப்பி, விதை போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம்." இதற்கப்புறம்தான் கட்டணம், கொண்டுவர வேண்டியது (பழைய துண்டு, பையைத் தூக்கிப்போக வழி), குழந்தைகளை அழைத்து வரலாமா என்பது. பதிவுக்குக் கடைசி நாளை "17 வரை" என்று எழுதினால் 17 சேர்த்தியா இல்லையா என்று போன் வரும், "ஜூலை 17 வியாழன் இரவு 8 மணியோடு பதிவு முடிகிறது" என்றால் வராது.

எல்லாம் முடியும் வரை லிங்க்கை யாருக்கும் அனுப்பவில்லை, அதில் மட்டும் கறாராக இருந்தேன். வாட்ஸப்பில் தெரிகிற அந்த முன்தோற்றம் அனுப்பும் நேரத்திலேயே செய்தியோடு ஒட்டிக்கொண்டு போய்விடும், பின்னால் பக்கத்தில் தலைப்பை மாற்றினாலும் ஏற்கெனவே போன செய்தியில் பழையதுதான் நிற்கும். இடங்கள் நிரம்பியபோது இது தெரிந்துதான் தலைப்பைத் தொடவில்லை. விளக்கத்தின் மேலே "இடங்கள் நிரம்பிவிட்டன, காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்கலாம்" என்று ஒரு வரி போட்டுப் பதிவுப் படிவத்தை மூடிவிட்டு, லிங்க் போன குழுக்களில் தனிச் செய்தியாகவும் அதையே எழுதினேன். அப்படியும் ஞாயிறு காலை பதிவு செய்யாத சிலர் வந்தார்கள். அக்கா பை கொடுக்கவில்லை, உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்.