பாட்டி சிரித்தால் பல் வெளியே வருகிறது

திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் யாரோ வருகிறார்கள். புருவத்தைச் சுருக்கிப் பார்க்கிறாள், பேரன் என்று தெரிகிறது, முகம் மலர்கிறது. "தம்பி, உள்ளே வா" என்கிறாள். மொத்தம் 40 விநாடி. பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் நான் தனியாகச் செய்த முதல் குறும்படம் இவ்வளவுதான். உடம்பு, சேலை, திண்ணை எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்துவிட்டன. வாய்க்கும் புருவத்துக்கும் மட்டும் ஐந்து வாரம் போனது.

இவற்றை அசைக்க நான் நம்பியது ஷேப் கீயை. அது கேட்க மிக எளியது. முகத்தின் இயல்பு நிலை Basis என்ற பெயரில் இருக்கும். அதன் மேல் புதிதாக ஒரு கீ சேர்த்து, உதட்டு ஓரத்துப் புள்ளிகளை இழுத்துப் புன்னகையாக்கினால், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை அந்தக் கீ நினைவில் வைத்துக்கொள்ளும். மதிப்பை 0 என்று வைத்தால் இயல்பு முகம், 1 என்று வைத்தால் முழுப் புன்னகை. இரண்டு கீகளை ஒரே நேரத்தில் ஏற்றினால் இரண்டின் நகர்வும் கூட்டப்படும். நான் பட்ட பாடு முழுவதும் இந்தக் கூட்டலில்தான் இருந்தது. ஒவ்வொரு கீயாகப் பார்த்தபோது எல்லாம் அழகாக இருந்தன.

ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். பாதித் தலையை மட்டும் செதுக்கி, மறுபாதியை மிரர் மாடிஃபையரிடம் விட்டிருந்தேன். அதைக் களையாமலே பதினொரு கீகளைச் செய்து முடித்துவிட்டேன். பிறகுதான் பாட்டி ஒரு பக்கமாக இதழைக் கோணிச் சிரித்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. மிரர் இருக்கும்வரை இடப்பக்கம் எதைச் செய்தாலும் வலப்பக்கமும் செய்யும். சரி, மாடிஃபையரை மெஷ்ஷோடு, அதாவது புள்ளிகளாலான உருவத்தோடு, சேர்த்துவிடலாம் என்று Apply அழுத்தினால், ஷேப் கீ உள்ள மெஷ்ஷில் அது முடியாது என்று மென்பொருள் மறுத்துவிட்டது.

பதினொன்றையும் அழிக்க மனம் வரவில்லை. தலையைப் பன்னிரண்டு முறை நகலெடுத்தேன். ஒன்றில் இயல்பு முகம், மற்ற ஒவ்வொன்றிலும் ஒரு கீயை மட்டும் முழுதாக ஏற்றி, அந்த உருவத்தையே மெஷ்ஷின் உருவமாக நிறுத்திக் கீகளை நீக்கினேன். இப்போது மிரரைச் சேர்க்க முடிந்தது. பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, இயல்பு முகத்தைக் கடைசியாகத் தேர்ந்து, Join as Shapes கொடுத்தேன். பத்து வந்து சேர்ந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அந்த நகலில் புள்ளிகளின் எண்ணிக்கை ஆறு கூடுதலாக இருந்தது. உதடு குவிக்கும் கீயில் நடுக்கோட்டுப் புள்ளிகள் சில கோட்டை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தன. மிரர் அவற்றை ஒட்டாமல் இரண்டிரண்டாக விட்டுவிட்டது. Clipping என்ற பெட்டியை ஆரம்பத்திலேயே குறியிட்டிருந்தால் புள்ளிகள் கோட்டிலிருந்து நகர்ந்தே இருக்காது. அந்த ஒன்றை மட்டும் திரும்பச் செய்தேன்.

இனிப் புன்னகை. முதலில் முன்பக்கப் பார்வையில் மட்டும் நின்று உதட்டு ஓரத்தை வெளியேயும் மேலேயும் இழுத்தேன். நேராகப் பார்க்க அருமை. தலையைத் திருப்பினால், உதடு முகத்தின் முன்னால் ஒரு பட்டைபோல் விறைத்து நின்றது. பல்வரிசை குதிரை லாடம்போல வளைந்தது. உதடு அதன் மேல் வழுக்கிப் பின்னோக்கியும் போக வேண்டும். அதைச் சரிசெய்து 1 என்ற மதிப்பில் பக்கவாட்டிலும் பார்த்துத் திருப்தியாகிவிட்டேன். அசைவை ஓட்டியபோது, சிரிப்பு மலரும் வழியில் இரண்டு மூன்று படச்சட்டங்களுக்குக் கடைவாய்ப் பற்கள் உதட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து மறைந்தன.

அனிமேஷன் வேலையில் பல வருடம் இருக்கும் ஓர் அண்ணனிடம் கோப்பை அனுப்பினேன். மாலையில் அழைத்தார். "தம்பி, மதிப்பை அரையில் நிறுத்திப் பார்த்தாயா?" என்றார். "இல்லை அண்ணா, 0, 1 இரண்டையும்தான் பார்த்தேன்." "நடுவில் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பார்கள்?"

அரையில் நிறுத்தியதும் காரணம் புரிந்தது. ஷேப் கீ ஒவ்வொரு புள்ளியையும் நேர்கோட்டில்தான் நகர்த்தும். பல்வரிசையோ வெளிப்புறம் வளைந்தது. வளைவின் மேல் இருக்கும் இரண்டு இடங்களை நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு வளைவுக்கு உள்ளேதான் போகும். ஆகவே தொடக்கமும் முடிவும் சரியாக இருந்தாலும் பாதிவழியில் உதடு பல்லுக்குள் புகுந்தே தீரும். தாடைக்கும் இதே சிக்கல் உண்டு, ஏனென்றால் தாடை சுழல்கிறது. பெரிதாக வாய் பிளக்கும் பாத்திரம் என்றால் தாடைக்கு எலும்பு வைப்பதே சரி. என் பாட்டி ஏறக்குறைய 20 பாகைக்கு மேல் வாயைத் திறப்பதில்லை. அந்த அளவில் நேர்கோட்டுக்கும் வளைவுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படவில்லை, கீயாகவே விட்டுவிட்டேன்.

உதட்டுக்கு ஓர் இடைநிலைக் கீ தேவைப்பட்டது. smile 0.5 இருக்கும்போது மட்டும் உதட்டை வெளியே தள்ளி, 0 ஆனாலும் 1 ஆனாலும் காணாமல் போய்விடும் கீ. அதன் மதிப்பின் மேல் வலது சொடுக்கு செய்து, மதிப்பைச் சூத்திரத்தால் தானாக மாற்றும் டிரைவரை Add Driver மூலம் சேர்த்து, smile மதிப்பை s என்ற மாறியாக எடுத்துக்கொண்டு இப்படி எழுதினேன்:

```
max(0, 1 - abs(s - 0.5) * 2)
```

பற்கள் உள்ளே போய்விட்டன. அடுத்தது இடம் வலம் பிரிப்பது. இருபக்கமும் சிரிக்கும் ஒரே கீயை இரண்டாக நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும், புள்ளிக்குப் புள்ளி எடை குறிக்கும் ஒரு வெர்டெக்ஸ் குழுவைக் கொடுத்தால் போதும், கீ அந்தக் குழுவுக்குள் மட்டும் வேலை செய்யும். இடைநிலைக் கீயையும் இப்படியே பிரித்தேன். முதல் முயற்சியில் மூக்குக்கு நேர்கீழே கத்தியால் வெட்டியதுபோல் பிரித்தேன். ஒரு பக்கம் மட்டும் சிரிக்க வைத்ததும் மேலுதட்டின் நடுவில் ஒரு படிக்கட்டு விழுந்தது. நடுக்கோட்டில் எடை 0.5 இருக்க வேண்டும், இருபுறமும் மூன்று நான்கு வரிசைப் புள்ளிகளுக்குள் மெல்லக் கூடவும் குறையவும் வேண்டும். எந்தப் புள்ளியை எடுத்தாலும் இட எடையும் வல எடையும் சேர்ந்து சரியாக 1 வரவேண்டும். அதிகமானால் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரிக்கும்போது நடு உதடு அளவுக்கு மீறி இழுபடும். சரியா என்று பார்க்க, இரண்டையும் 1 ஆக்கிப் பழைய முழுச் சிரிப்போடு ஒப்பிட்டேன்.

இதெல்லாம் முடிந்தபின் பாட்டியை வாய்விட்டுச் சிரிக்கச் சொன்னேன். smile 1, jaw_open 1. கீழுதடு உள்புறம் வெளிப்புறமாகப் புரண்டுவிட்டது. புன்னகை உதட்டை மெலிதாக்குகிறது, வாய் திறப்பும் மெலிதாக்குகிறது. தனித்தனியே சரியான இரண்டு மெலிவுகள் கூட்டப்பட்டதும் உதட்டின் தடிமன் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. இரண்டில் எதைத் திருத்தினாலும் அது தனியாக வரும்போது கெடும். இரண்டும் சேரும்போது மட்டும் வரும் திருத்தக் கீ ஒன்று வேண்டும்.

அதைச் செய்யும் வழி பள்ளிக் கணக்குதான். smile, jaw_open இரண்டையும் 1 ஆக்கி, New Shape from Mix கொடுத்தேன். திரையில் தெரியும் அலங்கோலம் அப்படியே ஒரு புதிய கீயாக வந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து, உதட்டின் தடிமனை மீட்டு, நல்ல சிரிப்பாகச் செதுக்கினேன். இப்போது இந்தக் கீயில் புன்னகையும் திறப்பும் திருத்தமும் கலந்திருக்கின்றன. முதல் இரண்டையும் கழிக்க வேண்டும். smile, jaw_open இரண்டின் கீழ் எல்லையை -1 ஆக மாற்றி, அவற்றை -1 இலும் புதிய கீயை 1 இலும் வைத்து, மறுபடி New Shape from Mix கொடுத்தேன். மிஞ்சியது திருத்தம் மட்டும். கீழ் எல்லையைத் திரும்ப 0 ஆக்கி, நடுவில் செய்த கீயை அழித்துவிட்டேன். திருத்தத்தின் டிரைவர் ஒரே வரி:

```
smile * jaw
```

பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று 0 ஆனாலும் திருத்தம் வராது. இரண்டும் பாதியில் இருந்தால் கால் பங்கு வரும். பாதியில் உதடு அவ்வளவாகக் கெடவும் இல்லை, அந்தக் கால் பங்கே போதுமானதாக இருந்தது. திருத்தத்தை இடம் வலம் பிரிக்காமல் விட்டேன். கோணல் சிரிப்பின்போது பாட்டி வாயைத் திறப்பதில்லை.

புருவத்தில் என் தவறு வேறு மாதிரியானது. "கோபம்", "வருத்தம்" என்று உணர்ச்சிகளின் பெயரில் கீ செய்திருந்தேன். பாட்டி வருவது யாரென்று உற்றுப் பார்க்கும் முகம் இவற்றில் எதுவும் இல்லை. இரண்டையும் பாதிப் பாதி கலந்தால், ஒன்று உள்முனையை இறக்க, மற்றது ஏற்ற, புருவம் இருந்த இடத்திலேயே நின்றது. முக அசைவுகளைத் தசை வாரியாகப் பிரித்து எண்ணிட்ட ஒரு முறையை எக்மனும் ஃப்ரீசனும் 1978 இல் வெளியிட்டார்கள். அதில் புருவத்துக்கு மூன்றே அசைவுகள்: உள்முனை உயர்வது, வெளிமுனை உயர்வது, புருவம் இறங்கி நெருங்குவது. அந்த மூன்றை மட்டும் செய்தேன். உற்றுப் பார்க்க மூன்றாவது போதும், கீழிமையையும் சற்று இறுக்கினேன். அடையாளம் தெரிந்த கணத்தில் அதைத் தளர்த்தி முதலிரண்டையும் ஏற்றினேன். கவலைக்கு உள்முனை உயர்வோடு மூன்றாவதில் கொஞ்சம் சேர்த்தால், நெற்றி நடுவில் தானாகவே அந்தச் சுருக்கம் விழுகிறது.

புருவ முடி தனி மெஷ். தோலோடு நகர Surface Deform மாடிஃபையரால் பிணைத்தேன். பிணைத்த நேரத்தில் சோதனைக்காக ஏற்றிய ஒரு புருவக் கீ 0.6 இல் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் 0 ஆக்கியதும் பாட்டியின் முடி தோலுக்குள் இறங்கி மறைந்துவிட்டது. அவிழ்த்து, இயல்பு முகத்தில் வைத்து மறுபடி பிணைத்தேன்.

கடைசியாகப் பேச்சு. "தம்பி" என்பதில் ம்-இலிருந்து பி தொடங்கும்வரை உதடுகள் ஒட்டியிருக்க வேண்டும். தாடை முழுதும் மூடாமலே உதடு மட்டும் ஒட்டும் நிலை அது, அதனால் உதடு மூடும் கீயை jaw_open 0.2 இல் நிறுத்தி அதன் மேல்தான் செதுக்கினேன். "வா"வுக்குக் கீழுதடு மேற்பல்லைத் தொட வேண்டும், அது சுலபம். சிக்கல் "உள்ளே"யில் வந்தது. உ இதழ் குவிந்து பிறக்கும் ஒலி. பாட்டியோ அப்போது சிரித்துக்கொண்டிருக்கிறாள். புன்னகை ஓரங்களை வெளியே இழுக்க, குவிப்பு உள்ளே இழுக்க, கூட்டல் வழக்கம்போல் இரண்டையும் அடித்துவிட்டது. உ ஒலிக்கும் நான்கு சட்டங்களுக்கும் smile மதிப்பை 0.9 இலிருந்து 0.3 க்கு இறக்கினேன். சிரிப்பு அணைந்து எரிந்ததுபோல் தெரிந்தது. 0.5 வைத்துக் கன்னம் உயரும் கீயைக் குறைக்காமல் விட்டேன். உதடு குவிந்தது, கன்னமும் கண்ணும் சிரித்துக்கொண்டே இருந்தன.