சீனியும் இறங்கியது, நிறையும் இறங்கியது: மெலிந்த அண்ணாவின் நீரிழிவை ஆராய்ந்த அனுபவம்

நீரிழிவுக்காரர் ஒருவருக்கு மருந்து வேலை செய்து சீனி இறங்கினால், சிகிச்சைக்கு முன் இழந்த நிறையில் கொஞ்சமாவது திரும்பி வர வேண்டும். இரத்தச் சீனி ஏறக்குறைய 180ஐத் தாண்டினால் சிறுநீரகம் மிஞ்சியதைச் சிறுநீரோடு வெளியே விட்டுவிடும். சாப்பிட்ட சாப்பாட்டில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டாமலே போய்விடும். சீனி இறங்கினால் அந்தக் கசிவு நிற்கும், நிறையும் மெல்ல ஏறும். என் அண்ணாவுக்கு நடந்தது நேர்மாறு. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 10.4இலிருந்து 8.1க்கு வந்தது. அதே காலத்தில் நிறை 51 கிலோவிலிருந்து 48.5க்குப் போனது.

அண்ணாவுக்கு 58 வயது. கொட்டாஞ்சேனையில் வீடு, புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறார். உயரம் 168 சென்ரிமீற்றர். வருத்தம் கண்டுபிடிக்கப்பட்ட அன்று 51 கிலோ, அதாவது பிஎம்ஐ 18.1. 18.5க்குக் கீழ் என்றாலே நிறை குறைவு என்று அர்த்தம். அப்படிப்பட்டவரின் கையில் அவர் போன கிளினிக்கில் எல்லோருக்கும் கொடுக்கிற அச்சடித்த தாளையே கொடுத்தார்கள்: நிறையைக் குறையுங்கள், சோற்றைப் பாதியாக்குங்கள், இரவில் சோறு வேண்டாம், தினமும் ஒரு மணித்தியாலம் நடவுங்கள். அண்ணா சொன்னதைத் தட்டாத மனிதர். வேலை முடிந்து காலிமுகத்திடலுக்குப் போய் நடந்துவிட்டு வந்து, இரவில் ஒரு துண்டு பாணும் பிளேன்டீயும் குடித்துவிட்டுப் படுத்தார். அடுத்த முறை மெட்ஃபோமினோடு டபாக்ளிஃப்ளோசின் என்ற குளிசையும் சேர்ந்தது.

அந்தத் தாளில் உள்ளது பொய்யில்லை. வயிற்றுக் கொழுப்பு உள்ள நீரிழிவுக்காரருக்கு ஈரலிலும் கணையத்திலும் கொழுப்புப் படிந்திருக்கும், நிறையைக் குறைத்தால் இன்சுலின் திரும்ப நன்றாக வேலை செய்யும். அண்ணாவிடம் குறைக்க என்ன இருக்கிறது? அவர் இழந்தது தசையை. அதைவிட மோசமான விஷயம், அந்த அறிவுரை ஒரு எச்சரிக்கை மணியை அமத்திவிட்டது. முயற்சி இல்லாமல் ஒரு வருடத்துக்குள் நிறையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால், ஏன் என்று தேட வேண்டும். ஆனால் 'குறைக்கச் சொன்னோம், குறைத்திருக்கிறார்' என்று கொப்பியில் எழுதிவிட்டால் யார் தேடுவார்கள்?

நான் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் உயிரிரசாயனப் பிரிவில் வேலை செய்கிறேன். அண்ணாவின் சிறுநீரை நானே ஸ்ட்ரிப்பில் பார்த்தேன். குளுக்கோஸ் கட்டம் கடும் கபில நிறமாகிவிட்டது, ஆகக் கூடிய அளவு. டபாக்ளிஃப்ளோசின் குடிப்பவருக்கு அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்தக் குளிசையின் வேலையே சீனியைச் சிறுநீரில் தள்ளிவிடுவது. இரத்தச் சீனி நல்ல நிலைக்கு வந்தாலும் கசிவு நிற்காது, நாளுக்கு 60, 70 கிராம் குளுக்கோஸ் போகலாம். அது கிட்டத்தட்ட 250 கலோரி. பருத்தவருக்கு அது நன்மை. என் கண் நின்றது பக்கத்துக் கட்டத்தில். உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலமான கீற்றோனைக் காட்டும் அந்தக் கட்டம் ஊதாவாக மாறத் தொடங்கியிருந்தது. அன்றே ஒரு பொது வைத்திய நிபுணரைச் சனல் பண்ணினேன்.

அந்த டொக்டர் முதலில் ரிப்போட்டுகளைப் பார்க்கவில்லை. "ஐயா, மெலிஞ்சது முதலா, சீனி வருத்தம் முதலா?" என்று கேட்டார். அண்ணாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, "நான் எப்பவும் மெல்லிசுதான்" என்றார். டொக்டர் அவருடைய பெல்ட்டைக் கழற்றித் தரச் சொன்னார். மூன்றாவது ஓட்டையைச் சுற்றித் தோல் கறுத்து, ஆழமாக மடிந்து கிடந்தது. வருடக்கணக்காக அங்கேதான் போட்டிருக்கிறார். நான்காவதில் மடிப்பு இலேசாக விழுந்திருந்தது. அதற்கும் அங்கால் ஆணியால் குத்திய ஒரு புது ஓட்டை. பழைய மருத்துவப் பரிசோதனைத் தாள் ஒன்றை அண்ணி தேடி எடுத்து வந்தார், அதில் 55 கிலோ என்று இருந்தது. ஆக, இயல்பிலேயே மெல்லிய மனிதர், பிஎம்ஐ 19.5. நாலு கிலோ வருத்தம் பிடிபடுவதற்கு முன், தாகமும் அடிக்கடி சலம் போவதுமாக இருந்த காலத்தில் போனது. மிச்சம் இரண்டரை கிலோ சிகிச்சையில் போனது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம் என்றார்.

அப்புறம் இடுப்பை அளந்தார். மெல்லிய கை காலோடு வயிறு மட்டும் தள்ளியவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர், அவர்களுக்கு பிஎம்ஐ மட்டும் பார்த்தால் ஏமாற்றிவிடும். ஆசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் எல்லை. அண்ணாவுக்கு 74. பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொன்னார். 15 செக்கன் எடுத்தது, கடைசி இரண்டு தரமும் முன்னால் சாய்ந்து உந்தித்தான் எழும்பினார். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் கால் தசை பலவீனமாகிவிட்டது என்று கருதலாம். கெண்டைக்கால் சுற்றளவும் 34க்குக் குறைவு.

டபாக்ளிஃப்ளோசினை அந்த இடத்திலேயே நிறுத்தினார். இன்சுலின் சுரப்புக் குறைந்த மெல்லிய உடம்பில், அதுவும் சோற்றைக் குறைத்துக்கொண்டு இருப்பவருக்கு, அந்தக் குளிசை கீற்றோனை ஏற்றிவிடும். சீனி பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகலாம், குளுக்கோமீற்றரை மட்டும் நம்பினால் பிடிபடாது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் இருந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். விரலில் குத்திப் பார்த்த கீற்றோன் 0.9 என்று வந்தது. 0.6க்குக் கீழ் இருக்க வேண்டும், 1.5 தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. அண்ணாவுக்கு இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

அதன் பிறகுதான் தேடல். கசம் இருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரேயும் சளியும். நீரிழிவு உள்ளவருக்குக் கசம் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. தைரொயிட் கூடிவிட்டதா என்று ஒரு இரத்தப் பரிசோதனை. இரண்டும் சுத்தம். கணையத்தில்தான் டொக்டர் கூடுதலாக நின்றார். மதுப் பழக்கம், முதுகுக்குப் பாயும் மேல்வயிற்று வலி, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதப்பது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. ஆனாலும் ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாக நீரிழிவும் நிறை இழப்பும் சேர்ந்து வந்தால் கணையப் புற்றுநோய் இல்லை என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அல்ட்ராசவுண்ட் போதாதா என்று அண்ணா கேட்டார், செலவை நினைத்து. குடல் காற்று மறைத்துக் கணையத்தின் பாதி அதில் தெரியாமல் போகும் என்று சொல்லி சிடி ஸ்கேன் எழுதினார். ரிப்போட் வரும் வரை அண்ணி நித்திரை கொள்ளவில்லை. கல் இல்லை, கட்டி இல்லை, கணையக் குழாய் வீங்கவில்லை.

மிச்சம் இருந்த கேள்வி: இது உண்மையில் இரண்டாம் வகைதானா, அல்லது வயது போன பிறகு மெதுவாக வரும் முதலாம் வகையா? அதற்கு ஜிஏடி எதிர்ப்புப் புரதமும் சி-பெப்டைடும். முதலாம் வகையில் உடம்பு தன் கணையத்தையே தாக்குவதற்கு அந்த எதிர்ப்புப் புரதம் அடையாளம். உடம்பு சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைச் சி-பெப்டைட் காட்டும். இந்தப் பரிசோதனை எங்கள் ஆய்வுகூடத்திலேயே பிழைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். சீனி 300க்கு மேல் நிற்கும்போது எடுத்தால் கணையம் களைத்துப்போய் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எப்போது எடுத்தாலும் கூடவே சீனியை அளக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இரத்தத்தை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் அது சிதைந்தும் போகும். ஆகையால் டொக்டர் இரவு 8 அலகு இன்சுலின் தொடங்கி, சீனி படிந்த பிறகுதான் எடுக்கச் சொன்னார். காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்தின் பின் நானே குத்தி எடுத்து, உடனே சுழற்றிப் பிரித்துக் குளிரில் வைத்தேன்.

சீனி 172, சி-பெப்டைட் லீற்றருக்கு 420 பிக்கோமோல். 200க்குக் கீழ் என்றால் முதலாம் வகையாகவே நடத்துவார்கள், 600க்கு மேல் என்றால் தாராளமாகச் சுரக்கிறது. அண்ணா நடுவில். எதிர்ப்புப் புரதம் இல்லை. இன்சுலின் சுரப்புக் குறைந்த இரண்டாம் வகை என்று டொக்டர் எழுதினார். எதிர்ப்புப் புரதம் இல்லாததாலேயே முதலாம் வகை இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும், அடுத்த வருடம் சி-பெப்டைடைத் திரும்பப் பார்ப்போம் என்றும் பக்கத்தில் குறித்தார்.

சிகிச்சை அந்தத் தாளுக்கு முழு எதிர். மெட்ஃபோமினைப் பாதியாக்கினார், ஏனென்றால் அது பசியை அமத்தும். இன்சுலின் தொடர்ந்தது. நிறை இலக்கு முதலில் 52.5 கிலோ, அதாவது பிஎம்ஐ 18.5ஐத் தாண்டும் புள்ளி. அதற்கு நாளுக்கு 1800 கலோரி, 60 கிராமுக்குக் குறையாத புரதம், சிறுநீரகம் நன்றாக இருப்பதால். அண்ணா அப்போது 1100 கலோரிகூடச் சாப்பிட்டிருக்க மாட்டார். இரவுச் சோறு திரும்பி வந்தது, ஒரே நேரம் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்து, ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ கெட்டிப் பருப்போ கூட வைத்து. இடியப்பத்துக்குச் சொதியோடு நெத்தலிப் பொரியல். கடையில் நாலு மணிக்கு ஒரு கை கச்சான், அதிலேயே 170 கலோரி. அண்ணிக்குத்தான் இது கஷ்டமாக இருந்தது. "சீனி வருத்தக்காரனுக்குச் சோத்தைப் போட்டுக் கொல்லப் போறியோ எண்டு சனம் கேக்குது" என்று அழுதார். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குளுக்கோமீற்றரில் குத்தி அவரிடமே காட்டினேன், அப்புறம் நம்பினார். நீண்ட நடையைப் பாதியாக்கி, கதிரையில் எழும்பி இருப்பதும் தண்ணீர்ப் போத்தல் தூக்குவதும் சேர்ந்தன.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டியிருந்தது. மெல்லிய உடம்பு இன்சுலினுக்கு இலகுவில் மசியும். ஒரு விடியற்காலை வேர்த்து நடுங்கி எழும்பினார், சீனி 62. முந்தின இரவு கடையில் வேலை கூடி அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான அளவு இன்சுலினே போட்டிருந்தார். டொக்டர் அளவை 6க்கு இறக்கி, படுக்கு முன் ஒரு கோப்பைப் பால் சேர்த்தார்.

இப்போது 52.4 கிலோ, எச்பிஏ1சி 7.2, கதிரைக்கு 11 செக்கன். கீற்றோன் இல்லை. டொக்டர் கொப்பியின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதிவிட்ட வரி: நிறையைக் குறைக்க ஆலோசனை வழங்க வேண்டாம். அதன் கீழே இன்னொன்று: சீனி கட்டுப்பாட்டில் இருக்கும்போதே நிறை திரும்ப 50க்குக் கீழே போனால், கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வரவும், கணையத்தை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும்.