யுட்டிலிட்டி மூலையில் ஒரு மாப் தொட்டி

எங்கள் சென்னை ஃப்ளாட்டில் சமையலறைக்குப் பின்னால் நாலடிக்கு ஐந்தடியில் ஒரு யுட்டிலிட்டி உண்டு. மாப் பிழிந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டவும் மிதியடிகளை அலசவும் அங்கே ஒரு தொட்டி வைக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. சமையலறை சிங்க் போல இடுப்பளவு வைத்தால் நிறைந்த வாளியைத் தூக்கி ஊற்ற அம்மாவால் முடியாது. அதனால் தாழ்வாக வைப்பது என்று முடிவானது.

ஸ்டீல் தொட்டி, 24க்கு 18 அங்குலம், ஆழம் 10. பிளம்பர் வந்தார், தொட்டி வருவதற்கு முன்பே சுவரில் 24 அங்குல உயரத்தில் குழாய்ப் பாயின்ட் எடுத்துவிட்டார். "பாத்ரூம்ல எல்லாம் இந்த உயரம்தான் சார்." டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. அப்புறம்தான் தொட்டியை வைத்துப் பார்த்தோம். விளிம்பே 22 அங்குலத்தில் வந்து நின்றது. உள்ளே வாளி வைத்தால் குழாய் வாளியின் வயிற்றில் இடித்தது.

உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் எங்கே தவறினோம் என்று புரிந்தது. குழாயிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். தரையிலிருந்து மேலே ஏறியிருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தண்ணீர் வெளியேறும் வேஸ்ட் கப்ளிங்கும், வாடையை மறிக்கும் வளைகுழாயான பி ட்ராப்பும் வளைந்து இறங்க 10 அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும். கொஞ்சம் தாராளமாக விட்டதால் தொட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 12-ல் நின்றது. எங்கள் 20 லிட்டர் வாளி 14 அங்குலம், ஆக வாளியின் வாய் 26. கைப்பிடியைப் பிடித்துத் தூக்க 4 அங்குல இடம் விட்டால் குழாயின் வாய் 30-ல் இருக்க வேண்டும். வாய் பாயின்ட்டை விட 2 அங்குலம் கீழே இறங்கி இருந்ததால் பாயின்ட் 32. ஒரு டைலை உடைத்து, பைப்பை எட்டு அங்குலம் நீட்டி மேலே ஏற்றினோம். அந்த ஒரு டைலுக்கு மட்டும் இன்றும் நிறம் சற்று வேறு.

உயரம் சரியானதும் நீளம் இடித்தது. சாதாரணக் குழாயில் தண்ணீர் தொட்டியின் பின்சுவரை ஒட்டியே விழுந்தது, வாளிக்குள் பாதிதான் போனது. மூக்கு நீண்ட லாங் பாடி குழாய் மாற்றியதும் வாளியின் நடுவில் விழுகிறது. வாளி இல்லாதபோது ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழுந்து தெறிக்கிறது என்று அம்மா சொன்னார். அதற்கு ஒரு சாண் ஹோஸ் துண்டு மாட்டினேன். வாளி வைக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். ஹோஸின் முனை அழுக்குத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்து, மேல்நிலைத் தொட்டியும் காலியாகிவிட்டால், அந்த அழுக்கு குழாய்க்குள்ளேயே உறிஞ்சப்படலாம்.

ட்ராப் கதை தனி. முதலில் பிளம்பர், மடிப்பு மடிப்பாக இருக்குமே, அந்த ஃப்ளெக்ஸிபிள் பைப்பை நேராகத் தரை ட்ராப்பில் விட்டார். தரை ட்ராப்பிலேயே தண்ணீர் நிற்கிறது, வாடை வராது என்றார். கீழிருந்து வரவில்லைதான். ஆனால் பத்து நாளில் பைப்பின் மடிப்புகளில் ஒட்டிய சேறே நாற ஆரம்பித்தது. அடுத்து பாட்டில் ட்ராப் வந்தது. வாஷ்பேசினுக்கு அது அழகு. மாப் தண்ணீரில் வரும் முடியும் மணலும் அதற்குள் போய் அடைய மூன்று வாரம் போதும். கடைசியில் 40 மிமீ பி ட்ராப், அடியில் கழற்றும் மூடியோடு. அதில் 2 அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும், பைப்பின் வாடை தொட்டிக்கு ஏறாது.

அதைப் பொருத்தி முடித்ததும் பைப் தரை ட்ராப்பில் நுழையும் இடத்தை, பூச்சி வரக் கூடாதென்று, வெள்ளை சிமென்ட் வைத்துச் சுத்தமாக அடைத்தார். மறுநாள் ஒரு வாளி ஊற்றினேன். க்ளக் க்ளக் என்று சத்தம், தண்ணீர் இறங்கவே யோசித்தது. ட்ராப்பில் அடைப்பு என்று நினைத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. மேலே பி ட்ராப்பின் தண்ணீர், கீழே தரை ட்ராப்பின் தண்ணீர், நடுவில் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்ட காற்று. அதுதான் முட்டிக்கொண்டிருந்தது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, பைப்பின் முனை தரை ட்ராப்பை மூடும் ஜாலிக்குக் கீழேயும் அதில் நிற்கும் தண்ணீருக்கு மேலேயும் நிற்கும்படி வெட்டி, சுற்றிலும் இடைவெளி விட்டோம். அடுத்த வாளி ஒரே மூச்சில் இறங்கியது.

தொட்டியின் முன்பக்கத்தையும் டைல்ஸ் போட்டு மூடிவிடலாமா என்று கொத்தனார் கேட்டார். வேண்டாம் என்றேன். மாதம் ஒருமுறை பி ட்ராப்பின் மூடியைக் கழற்ற கை உள்ளே போக வேண்டும். சென்ற முறை அதிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானும் அம்மாவின் ஹேர்பின்னும் வந்தன.