26 மணி நேரம் ஓடும் கிரைண்டர்
தொழில்முனைவுப் பாடத்துக்கு மாணவர்கள் எழுதிய வணிகத் திட்டங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது இட்லி மாவு வியாபாரம். ஊரில் 2 லட்சம் பேர், 1 சதவீதம் பேர் ஆளுக்கு 200 கிராம் வாங்கினாலே தினம் 400 கிலோ போய்விடுமாம். அந்த 1 சதவீதம் எங்கிருந்து வந்தது? ஒரு கடைக்காரரிடம்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, இயந்திரப் பட்டியலைப் பார்த்தால் ஒரே ஒரு கிரைண்டர். பையன் எழுதியபடியே ஓர் ஈட்டுக்கு 10 கிலோ மாவு, 40 நிமிடம். 400 கிலோவுக்கு 40 ஈடு, அதாவது 26 மணி 40 நிமிடம். கழுவக்கூட நிறுத்த முடியாது!

அப்புறம், மளிகைக் கடைகளுக்கு 15 நாள் கடன் என்கிறது ஒரு பக்கம். பணவரவு அட்டவணையிலோ விற்ற அன்றே காசு வந்துவிடுகிறது. அந்த 15 நாளும் அரிசி, உளுந்து வாங்கப் பணம்?