கறிவேப்பிலையா வல்லாரையா: டிபிபிஎச் சோதனையில் நான் இடறிய இடங்கள்

போன மாதம் எங்கள் தோட்டத்து லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் தங்கச்சி ஒருத்தி நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு புரொஜெக்ட், மூலிகைச் சாறுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் வலிமையை ஒப்பிட வேண்டும். "அக்கா, நீங்களும் இதைத்தானே செய்தீங்க, எனக்கு வைட்டமின் சி-யே தப்பா வருது" என்றாள். சுங்கை சிப்புட்டில் இருந்து போன நானும் அதே இடத்தில்தான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டு நின்றேன். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், இந்தப் புரொஜெக்டை எடுக்கிற வேறு பிள்ளைகளுக்கும் உதவும்.

நான் எடுத்தது வீட்டுக்குப் பின்னால் நின்ற கறிவேப்பிலை, அப்புறம் வாய்க்கால் ஓரத்தில் படர்ந்திருந்த வல்லாரை, பாசாரில் பெகாகா என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே அதுதான். முதல் முறை இலையை நிழலில் காயவைத்தேன். மழை மாசம், நான்காம் நாள் வல்லாரையில் பூஞ்சை பிடித்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அடுத்த கட்டை லேப் அவனில் 40 டிகிரியில் காயவைத்தேன். நம் ஊர் ஈரத்துக்கு அதுதான் சரி. பொடி 10 கிராம், மெத்தனால் 100 மில்லி, ஒரு நாள் ஊறல், வடிகட்டல், மெத்தனாலை ஆவியாக்கி எடுத்தல், இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கடைசியில் கிடைத்த பசை எத்தனை கிராம் என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவையுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டிபிபிஎச் என்பது ஒரு ஃப்ரீ ராடிக்கல், ஆனால் புட்டியில் பொடியாகவே இருக்கும் அளவுக்கு நிலையானது. மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த ஊதா. ஆன்டிஆக்ஸிடன்ட் அதற்கு ஒரு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்தால் ஊதா வெளுத்து வைக்கோல் மஞ்சளாகும். எவ்வளவு ஊதா குறைந்தது என்பதை 517 நானோமீட்டரில் அளக்கிறோம், அவ்வளவுதான் சோதனை. 1958-இல் பிளாய்ஸ் என்பவர் விளக்கிய முறை இது, இன்றும் எல்லா லேப்பிலும் இதன் ஏதோ ஒரு மாற்று வடிவம்தான் ஓடுகிறது. கருவிக்குப் பெயர் யூவி-விஸ் என்றாலும் 517 என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா இல்லை. அதனால் குவார்ட்ஸ் குவெட் தேவையில்லை, கண்ணாடிக் குவெட் போதும். வைவாவில் இதைக் கேட்பார்கள், என்னிடம் கேட்டார்கள்.

கரைசல் 0.1 மில்லிமோலார் வேண்டும். 100 மில்லிக்கு என்றால் 3.94 மில்லிகிராம் எடை போட வேண்டும், அவ்வளவு சின்ன எடையில் தராசின் கடைசி இலக்கம் ஆடினாலே பிழை பெரிதாகிவிடும். ஆகவே 250 மில்லிக்கு 9.9 மில்லிகிராம் போட்டேன். குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி அன்றன்றைக்குப் புதிதாகவே தயாரித்தேன். ஒவ்வொரு டியூபிலும் சாறு 1 மில்லி, டிபிபிஎச் 3 மில்லி, இருட்டில் 30 நிமிடம். கன்ட்ரோலில் சாறுக்குப் பதில் மெத்தனால் 1 மில்லி. என் கன்ட்ரோல் 0.84 காட்டியது.

இப்போது அந்த வைட்டமின் சி கதை. ஒப்பிட ஒரு தரமான பொருள் வேண்டும், அதற்கு அஸ்கார்பிக் அமிலம் எடுத்தேன். ஊதாவைப் பாதியாகக் குறைக்கத் தேவையான செறிவு, அதாவது ஐசி50, எனக்கு மில்லிக்கு 13.6 மைக்ரோகிராம் வந்தது. ஒரு கட்டுரையில் 3 என்று இருந்தது, இன்னொன்றில் 20-க்கு மேல். யார் சரி, நான் சரியா, ஒன்றும் புரியவில்லை. புட்டி பழசு என்று நினைத்துப் புதுப் புட்டி திறந்தேன், அதே எண். ஒரு சனிக்கிழமை லெக்சரர் என் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "டியூபில் மொத்தம் எத்தனை மில்லி?" நான்கு. நான் எழுதியிருந்தது கலப்பதற்கு முன் இருந்த செறிவு. 1 மில்லி சாறு 4 மில்லியில் கரைந்துவிட்டதால் உண்மையான செறிவு அதில் நான்கில் ஒன்று, 3.4.

அதோடு அவர் விடவில்லை, 3.4 சரியா என்பதைக் கட்டுரை பார்க்காமலே கண்டுபிடிக்கச் சொன்னார். இதைத்தான் நீங்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். 0.1 மில்லிமோலார் கரைசல் 3 மில்லி, மொத்தம் 4 மில்லி, ஆக டியூபில் டிபிபிஎச் 0.075 மில்லிமோலார். பாதி என்றால் 0.0375. அஸ்கார்பிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு டிபிபிஎச்-ஐத் தணிக்கும், எனவே தேவை 0.01875 மில்லிமோலார். அதை மூலக்கூறு எடை 176-ஆல் பெருக்கினால் மில்லிக்கு 3.3 மைக்ரோகிராம். எனக்கு 3.4. அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் தெரியும். டிபிபிஎச்-ஐ இரட்டிப்பாகப் போட்டால் ஐசி50-உம் இரட்டிப்பாகும். அதனால்தான் கட்டுரைக்குக் கட்டுரை எண் மாறுகிறது, அதனால்தான் வேறொருவருடைய ஐசி50-ஐ எடுத்து "என் இலை இதைவிட வலிமையானது" என்று எழுதக் கூடாது. ஒரே நாள், ஒரே கரைசல், பக்கத்தில் வைட்டமின் சி, அப்படி வைத்தால்தான் ஒப்பீடு. உங்கள் வைட்டமின் சி 3.3-ஐ விட நிறையக் கூடுதலாக வந்தால் முதலில் இந்த நான்கு மடங்கைப் பாருங்கள், அடுத்து அந்தக் கரைசல் நேற்றுப் போட்டதா என்று பாருங்கள். நீரில் கரைத்து வைத்த அஸ்கார்பிக் அமிலம் காற்றுப்பட்டு வலுவிழந்துவிடும். தங்கச்சியுடைய சிக்கலும் அந்த நான்கு மடங்குதான், நோட்டைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.

சரி, அடுத்தது பச்சை நிறம். வல்லாரைச் சாறு நல்ல கரும்பச்சை, அதுவே 517-இல் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும். கருவிக்கு அது ஊதாவா பச்சையா என்று தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண் காட்டும். ஆகவே ஒவ்வொரு செறிவுக்கும் ஒரு தனி பிளாங்க் வேண்டும்: அதே சாறு 1 மில்லி, டிபிபிஎச்-க்குப் பதில் வெறும் மெத்தனால் 3 மில்லி. கணக்கு இது, இதில் A0 கன்ட்ரோல், As சாறும் டிபிபிஎச்-உம் கலந்தது, Ab அந்தப் பிளாங்க்:

```
% = [A0 - (As - Ab)] / A0 × 100
```

வல்லாரை 120 மைக்ரோகிராம் டியூபில் எனக்கு 0.47 வந்தது, பிளாங்க் 0.08. கழித்தால் 0.39, அப்படியென்றால் 54 சதவீதம். கழிக்காமல் போட்டிருந்தால் 44. ஒரே டியூப், ஒன்று பாதிக்கு மேல், ஒன்று பாதிக்குக் கீழ். இதை விட்டுவிட்டால் பச்சை அதிகமான இலைக்கு அநியாயமாக மதிப்பெண் குறைந்துவிடும்.

நேரத்திலும் ஒரு கண் வேண்டும். வைட்டமின் சி டியூப் கலக்கியவுடனேயே வெளுத்துவிடும், இலைச் சாறு அப்படியில்லை, 30 நிமிடம் ஆன பிறகும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். பதினைந்து டியூபையும் ஒரே மூச்சில் கலக்கிவிட்டு ஒவ்வொன்றாக அளந்தால் கடைசி டியூப் 45 நிமிடம் ஆனதாக இருக்கும். நான் ஒரு நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக டிபிபிஎச் ஊற்றினேன், அதே வரிசையில் அதே இடைவெளியில் அளந்தேன். ஒவ்வொரு செறிவும் மும்மூன்று டியூப்.

இத்தனையும் சரிசெய்த பிறகு ஆசையாக ஒரே செறிவில், 500 மைக்ரோகிராமில், இரண்டு இலையையும் வைத்துப் பார்த்தேன். கறிவேப்பிலை 92, வல்லாரை 90. இரண்டும் சமம் என்று எழுதிவிடத் தோன்றும், எழுதாதீர்கள். அந்தச் செறிவில் தணிக்க வேண்டிய டிபிபிஎச் எல்லாம் தீர்ந்துவிட்டது, மிச்சம் தெரிவது விளைபொருளின் மஞ்சள் நிறம், 100 வராததற்கும் அதுதான் காரணம். ஊதா பாதி இருக்கும் இடத்துக்கு இறங்கி வந்தால்தான் வித்தியாசம் தெரியும். கறிவேப்பிலை 40-இல் 44 சதவீதம், 60-இல் 59. இடையில் 50 சதவீதம் விழும் இடம் 40-உடன் 20-இல் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 48. வல்லாரை 80-இல் 38, 120-இல் 54, அதே கணக்கில் 110. நேர்க்கோடு போட்டு எல்லாப் புள்ளியையும் இழுத்துப் பிடிக்காதீர்கள், மேலே போகப் போக வளைவு படுத்துவிடும், பாதியைச் சுற்றி இருக்கும் புள்ளிகளை மட்டும் நம்புங்கள்.

48-உம் 110-உம். ஐசி50 குறைவாக இருந்தால் வலிமை கூடுதல், ஆக கறிவேப்பிலைச் சாறு 2.3 மடங்கு வலிமை. அப்படித்தான் வைவாவுக்குப் போனேன். எங்கள் அம்மா ரசத்தில் போடுகிற இலை ஜெயித்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. தேர்வாளர் கேட்டார், "சாறு சரி, இலைக்கு இலை எவ்வளவு?" நல்ல வேளை, பசையின் எடை எழுதி வைத்திருந்தேன். 10 கிராம் பொடியில் கறிவேப்பிலை 1.1 கிராம் பசை தந்தது, வல்லாரை 1.8. 48 மைக்ரோகிராம் சாறு எடுக்க 436 மைக்ரோகிராம் காய்ந்த கறிவேப்பிலை வேண்டும், 110 எடுக்க 611 மைக்ரோகிராம் காய்ந்த வல்லாரை. 2.3 மடங்கு 1.4 மடங்காகச் சுருங்கிவிட்டது. அங்கேயே நின்று வெண்பலகையில் போட்டுக் காட்டினேன். "அப்போ வல்லாரை சாப்பிட்டால் உடம்பில் இவ்வளவு வேலை செய்யுமா?" என்று அடுத்த கேள்வி. மெத்தனாலில் ஒரு செயற்கை ராடிக்கலை எவ்வளவு தணிக்கிறது என்பதை மட்டும்தான் அளந்திருக்கிறேன், குடலில் எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதை இந்தச் சோதனை காட்டாது என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

தங்கச்சி இப்போது பசை எடையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். எழுதி வைக்கவில்லையாம், புதன்கிழமை திரும்ப இலை பறிக்கப் போகிறோம்.