எண்ணெய்ப் பிசுக்கு

வேலூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் மெக்கானிக்காக இருந்தபோது, கத்திரி வெயிலில் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு புகார் வந்தது. ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, வாங்கி மூன்றே மாதம், குளிர்ச்சி இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் வீடு. கடையில் கேட்டால் கம்பெனிக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி எங்களிடம் தள்ளிவிட்டது.

வெளி யூனிட்டில் மெல்லிய பைப் மேல் பனி படிந்திருந்தது. பெரும்பாலும் கேஸ் குறைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஆனால் எங்கே கசிகிறது என்பதில்தான் பணம் யார் தலையில் விழும் என்பது இருக்கிறது. உள் யூனிட்டின் காயிலில் கசிந்தால் அது பெரும்பாலும் தயாரிப்புக் குறை, கம்பெனி பார்த்துக்கொள்ளும். பைப்பை வாய் விரித்து நட்டு போட்டு முடுக்கும் ஃபிளேர் இணைப்பில் கசிந்தால் அது மாட்டியவர் வேலை. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் வெளியே வருவதால், கசிந்த இடத்தில் பிசுக்கும் தூசியும் அப்பிக்கொள்ளும். இங்கே நட்டைச் சுற்றித்தான் பிசுக்கு. சோப்பு நுரை தடவியதும் குமிழி வந்தது. கழற்றிப் பார்த்தேன். அளவுக்கு மீறி முடுக்கியதில் ஃபிளேர் வாய் விரிசல் விட்டிருந்தது.

இன்ஸ்டாலேஷன் கோளாறு என்றால், வாரண்டி வேலைக்கு எங்கள் சென்டர் கேட்கும் பணத்தைக் கம்பெனி தராது. அதனால் சூப்பர்வைசர், "சும்மா கேஸ் லீக்னு எழுதிட்டு, கஸ்டமர்கிட்ட மூவாயிரம் வாங்கிடுப்பா" என்றார். ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, நான் கடையிலதானே பணம் கட்டினேன்? பைப்பை எவன் முடுக்கினா எனக்கென்ன?"

பில் இருக்கா சார் என்றேன். எடுத்துவந்தார். அதே பில்லில் இன்ஸ்டாலேஷனுக்குத் தனியாக 1,500 ரூபாய் போட்டிருந்தார்கள். பல வீடுகளில் இந்தத் தொகையை மாட்ட வரும் பையன் ரசீதில்லாமல் கையில் வாங்கிப் போய்விடுவான். அப்புறம் கடைக்காரர் "அவன் எங்க ஆளே இல்ல" என்பார். இங்கே அதற்கு வழியில்லை. ஜாப் ஷீட்டில் "வெளி யூனிட் ஃபிளேர் நட்டில் கசிவு, ஃபிளேர் வாய் விரிசல்" என்றே எழுதி, போட்டோவும் எடுத்து, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். சூப்பர்வைசர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சார் பில்லோடும் ஜாப் ஷீட் நகலோடும் கடைக்குப் போனார். முதலில் மழுப்பியிருக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்தரப்பாகப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும், பொருளுக்குக் கட்டிய பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கடையே செலவை ஏற்றது.

மறுபடி ஃபிளேர் போட்டு, பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேக்குவம் பம்ப் ஓடவிட்டு, யூனிட்டின் பெயர்ப் பிளேட்டில் குறித்திருக்கும் எடைக்குக் கேஸ் ஏற்றினேன். பம்ப் அரைமணி ஓடும்வரை சார் கைக்கடிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றார். மாட்ட வந்த பையன் ஐந்தே நிமிஷத்தில் நிறுத்திவிட்டானாம்.