ஆறு படமும் ஒரு கடைசித் தேதியும்

எங்கட பட்சின்ர 30 வருச ஒன்றுகூடல் போன வருசம் ஸ்காபரோவில நடந்தது, படங்கள் எல்லாரும் பாத்திருப்பியள், அதால நான் அந்த இரவைப் பற்றி எழுதேல்ல. மலர்க்குழுத் தம்பி "அண்ணை, ஏதாவது நினைவா எழுதித் தாங்கோ" எண்டு கேட்டவர், எனக்கு நினைவில நிக்கிறது அந்த அழைப்பிதழ்தான். பழைய காலமெண்டா ஒரு காட் அடிச்சு தபாலில போட்டா முடிஞ்சுது. இப்ப கரோசல் எண்டு ஆறு படம், ஒண்டொண்டா தள்ளித் தள்ளிப் பாக்கோணும், அந்த ஆறு படத்துக்கும் நாங்கள் பட்ட பாடு ஓஎல் கணக்குப் பேப்பருக்குக்கூடப் படேல்ல.

முதல் படத்திலயே சண்டை. "1995 ஓஎல் பட்ச்" எண்டு போட்டுக் குடுத்தான் எங்கட டிசைனர் நண்பன். பாத்த உடன ஒருத்தன் கேட்டான், "மச்சான் அப்ப நான் வரேலாதோ?" எண்டு. அவன் 93இல குடும்பத்தோட கொழும்புக்குப் போனவன். 95 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தில வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலம் தாண்டின ஆக்களுக்குத் தெரியும், எங்கட வகுப்பு அதோட சிதறிப்போச்சு, கொஞ்சப்பேர் கொடிகாமம், கொஞ்சப்பேர் கிளிநொச்சி, பிறகு வவுனியா, பிறகு எங்கயெங்கயோ. எந்தப் பள்ளிக்கூடத்தில எந்த வருசம் சோதினை எழுதினது எண்டு பாத்தா எங்கட பட்சில கால்வாசிதான் மிஞ்சும். அதால வசனத்தை மாத்தினனாங்கள்: "1990 முதல் 1995 வரை எங்களோட ஒரு வகுப்பிலயாவது ஒண்டா இருந்த எல்லாரும்." கொஞ்சம் நீளம்தான், டிசைனருக்குப் பிடிக்கேல்ல, ஆனா அந்த வசனத்தைப் பாத்துத்தான் ஏழெட்டுப் பேர் புதுசா குறூப்புக்குள்ள வந்தவை.

அடுத்தது தேதி. முதல் எல்லாரும் ஓகஸ்ட் லோங் வீக்கென்ட் எண்டுதான் சொன்னவை, ஓகஸ்ட் 2 சனிக்கிழமை. அப்ப ஒருத்தற்ற மனுசி சொன்னவ, நல்லூர் கொடி ஏறியிருக்கும், 25 நாளும் எங்கட வீட்டில மச்சம் இல்லை, அதோட பாதிப்பேர் ஊருக்குப் போயிடுவினம் எண்டு. சரி எண்டு முன்னுக்கு இழுத்தா கறுப்பு யூலை நினைவு வாற யூலை 23ஐ ஒட்டின சனிக்கிழமைகளில பாட்டுக் கூத்து வைக்க ஒருத்தருக்கும் மனம் வரேல்ல. கடைசியா யூலை 12இல வந்து நிண்டுது. இங்க பள்ளிக்கூடம் யூன் கடைசியில பூட்டிப் போடும், சிட்னிக்காரருக்கும் அப்ப லீவு, ஆனா லண்டனில பிள்ளையளுக்கு யூலை மூண்டாம் நாலாம் கிழமை மட்டும் பள்ளிக்கூடம் இருக்கும், அவை கோவிச்சவைதான். எந்தத் தேதி வைச்சாலும் ஒரு நாட்டுக்காரர் கோவிப்பினம், அதுக்கு மருந்தில்லை.

அந்தத் தேதியை டிராவ்டில 12/07/2025 எண்டு போட்டிருந்தது. நியூ ஜேர்சியில இருக்கிறவன் அதைப் பாத்திட்டு "டிசம்பர் ஏழாம் திகதி ஸ்நோவுக்குள்ள என்னடா பார்ட்டி" எண்டான். அமெரிக்காவில மாதம்தான் முன்னுக்கு. கனடாவிலயோ ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவினம். அதோட மாதத்தை எழுத்தில, கிழமையோட சேத்து "யூலை 12, சனிக்கிழமை" எண்டு போட்டாச்சு.

காசுப் படம்தான் பெரிய தலையிடி. 95 டொலர் எண்டு பாத்த உடன "சாப்பாடு அறுவதுதானே, மிச்சம் ஆருக்கு?" எண்டு ஒரு குரல். கணக்கு இதுதான். ஒரு பிளேட் 60, ஒன்ராறியோ வரி 13 வீதம் சேர 67.80. ஹோல்காரன் குறைஞ்சது 100 பேருக்குக் காசு கட்டச் சொன்னவன், வந்தாலும் வராட்டிலும். அது 6,780. சவுண்ட், கேக், படம் பிடிக்கிறது எல்லாம் 1,400. மொத்தம் 8,180. நூறால பிரிச்சா 82 டொலர் காணும் போலத்தான் தெரியும், ஆனா நூறு பேர் வந்தாத்தான் அந்தக் கணக்கு. 85 பேர் வந்தா 1,200 டொலருக்கு மேல துண்டு விழும், அதை ஆர் போடுறது, வழமையா அந்த நாலு பேர்தான். 95 எண்டா 87 பேர் கட்டினாலே செலவு அடிபட்டுப் போகும். கூட வந்து மிஞ்சினா பள்ளிக்கூட நூலகத்துக்கு எண்டு படத்திலயே எழுதினனாங்கள், அதை எழுதினாப் பிறகு அந்தக் குரல் கேக்கேல்ல.

காசு அனுப்புறதில இன்னொரு கூத்து. ஈ-ட்ரான்ஸ்பர் கனடா பாங்க் எக்கவுண்ட் இருக்கிற ஆக்களுக்குத்தான் சரிவரும், வெளிநாட்டுக்காரர் வாசலில தரலாம், ஆனா பேர் முதலே தரோணும் எண்டு போட்டது. கனடாக்காரர் கனபேர் மனுசியின்ர எக்கவுண்டில இருந்து அனுப்புவினம், எங்களுக்கு வாறது ஒரு தெரியாத பொம்பிளைப் பேர், 190 டொலர், ஆரெண்டு கண்டுபிடிக்க பொருளாளர் பாவம் ஒவ்வொருத்தராப் போன் அடிச்சார். "மெசேஜ் எழுதிற இடத்தில உங்கட பேர், எத்தினை பேர், மச்சமோ மரக்கறியோ" எண்டு ஒரு வரி சேத்தாப் பிறகுதான் ஆளுக்கு நிம்மதி. ஈமெயில் முகவரியைப் படத்துக்குள்ள மட்டும் போட்டா கனபேருக்குத் தொட்டுக் கொப்பி பண்ணத் தெரியாது, ஒரு எழுத்துப் பிழைச்சா காசு போய்ச் சேராது, அதால அதைப் படத்துக்குக் கீழ மெசேஜாவும் அடிச்சு விட்டது.

ஆனா நான் இதில முக்கியமா படிச்சது வேற. கரோசல் எண்டா ஆறும் ஒண்டாப் போகும் எண்டு நினைப்பம். ஃபேஸ்புக்கில போட்டது அப்பிடித்தான் போச்சு. எங்கட வயசுக்காரர் இருக்கிறது வட்ஸ்அப்பில, அங்க முதல் கொஞ்சப் படத்தைக் காட்டிப்போட்டு மிச்சத்தை "+" போட்ட ஒரு நம்பருக்குப் பின்னால மறைச்சு வைக்கும், கடைசிப் படத்தில இருந்த கடைசித் தேதியைக் கனபேர் திறந்தே பாக்கேல்ல. அதோட ஒருத்தர் மற்றவருக்கு அனுப்பேக்க தனக்குத் தேவையான ஒரு படத்தை மட்டும் தட்டி விடுவார். ஹோல் படம் மட்டும் மொன்றியல் போச்சு, தேதி இல்லை, காசு இல்லை, விலாசம் மட்டும். பிறகு ஆறு படத்தின்ர அடியிலயும் ஒரே வரி போட்டது: "யூலை 12 சனி, ஸ்காபரோ, 95 டொலர், பதில் யூன் 14க்கு முன்." டிசைனர் வடிவு கெடுது எண்டார். கெடட்டும். மூலையில 1/6, 2/6 எண்டு நம்பரும் போட்டது, அப்ப மிச்சம் இருக்கெண்டாவது விளங்கும்.

யூன் 14 எங்கயிருந்து வந்தது எண்டும் சொல்லோணும், ஏனெண்டா எல்லாரும் அது நாங்கள் சும்மா வைச்சது எண்டு நினைச்சவை. ஹோல்காரனுக்கு இரண்டு கிழமைக்கு முன்னம், யூன் 28, கடைசி எண்ணிக்கை குடுக்கோணும், அதுக்குப் பிறகு கூட்டலாம் குறைக்கேலாது. எங்கட ஆக்களுக்குப் பின்னால போன் அடிச்சுத் திரிய இரண்டு கிழமை வேணும். அதைக் கழிச்சா யூன் 14. இந்தக் கணக்கையும் ஒரு வரியில போட்டிருந்தா கொஞ்சப்பேர் நேரத்துக்குப் பதில் தந்திருப்பினம் எண்டு நினைக்கிறன். யூன் 14 இரவு வரை 58 பேர்தான் பேர் தந்தது. 28ஆம் திகதி 97. இடைப்பட்ட இரண்டு கிழமையும் பொருளாளர் வீட்டில சாப்பிடேல்ல எண்டு அவற்ற மனுசி இப்பவும் எங்களைப் பேசுறவ.

யூலை 11 இரவு பத்தரைக்கு ஒரு போன், "மச்சான் நாங்கள் அஞ்சு பேர் வாறம், பிரச்சினை இல்லைத்தானே?" கூட்டலாம்தானே, 102 ஆக்கினது. காசு மட்டும் அண்டிரவே அனுப்பச் சொன்னனாங்கள். அனுப்பினவன், மனுசியின்ர எக்கவுண்டில இருந்து, மெசேஜ் இல்லாமல்.